‘அஞ்சல்வழியில்தான் படித்தேன்’: அந்தத் ‘தான்’ எதற்கு?

வேலைக்கான நேர்காணல்களிலும், அமைப்புகளின் பணித் தேர்வுகளிலும், மேற்படிப்புச் சேர்க்கையிலும் நம் மாணவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “கரஸ்லதான் படிச்சேன்.” படித்தது எது, எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்பவற்றுக்கு முன்பாகவே அந்தத் ‘தான்’ வந்துவிடுகிறது. எழுதும்போதும் இதுவே நிகழ்கிறது. சிலர் படிப்பின் முறையை மறைத்துக் கல்லூரியில் படித்ததுபோல் எழுதுகிறார்கள். சிலர் பட்டத்தையே விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் பட்டத்தின் கீழே, குடும்பச் சூழ்நிலையால் தாமதம் ஆனதென்றும் மதிப்பெண் குறைந்ததென்றும் இரண்டு வரி விளக்கம் சேர்க்கிறார்கள். மூன்றுமே தவறான பதிவுகள். முதலாவது பின்னர் சரிபார்ப்பில் சிக்கவைக்கும். இரண்டாவது சட்டப்படி உள்ள தகுதியை நாமே துறப்பது. மூன்றாவது, கேட்கப்படாத குற்றச்சாட்டுக்கு நாமே வாக்குமூலம் அளிப்பது.

தொலைதூரக் கல்வியிலோ மாலைநேரக் கல்லூரியிலோ பெற்ற பட்டத்தை, அதில் அரியர் இருந்தாலும் மதிப்பெண் குறைவாக இருந்தாலும், எப்படிச் சரியாகப் பதிவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். தன்விவரக் குறிப்பில் எதைச் சொல்வது, விண்ணப்பப் படிவத்தில் எதைச் சொல்லியே ஆகவேண்டும், எந்த மதிப்பெண் எந்தக் கதவைத் திறக்கிறது என்பவை வெவ்வேறு கேள்விகள். அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் தயக்கத்தின் பெரும்பகுதி பிறக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்ட திறந்தநிலை, தொலைதூர மற்றும் இணையவழிக் கல்வி ஒழுங்குமுறைகளின் 22ஆம் விதி இதைத் தெளிவாகக் கூறுகிறது. மானியக் குழுவின் ஏற்பு பெற்ற நிறுவனம் இம்முறைகளில் வழங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்களும் முதுநிலைப் பட்டயங்களும், வழக்கமான முறையில் வழங்கப்படும் அதே பட்டங்களுக்கு இணையாகக் கருதப்படும். இதில் ஐயம் தொடர்ந்ததால், 2022 செப்டம்பரில் மானியக் குழு இதை மீண்டும் ஒரு பொது அறிவிப்பாகவே வெளியிட்டது. ஆகவே “இது ரெகுலருக்குச் சமமா?” என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது.

ஆயினும் அந்த விதிக்குள் ஒரு நிபந்தனையும் உள்ளது: ‘ஏற்பு பெற்ற நிறுவனம்’. தொலைதூரக் கல்விக்கான ஏற்பு, பல்கலைக்கழகத்துக்கு ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் நிலைப்பது அன்று. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே அது வழங்கப்படுகிறது. பெயர்பெற்ற பழைய பல்கலைக்கழகங்களுக்கும்கூடச் சில ஆண்டுகளில் இதில் பிணக்குகள் எழுந்துள்ளன. நாம் சேர்ந்த ஆண்டில் நமது படிப்புக்கு ஏற்பு இருந்ததா என்பதை மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளமான deb.ugc.ac.in இல் சரிபார்க்கலாம். 2013 வரை இப்பொறுப்பு தொலைதூரக் கல்விக் குழுமத்திடம் இருந்தது. எனவே அதற்கு முன் சேர்ந்தவர்கள் அக்குழுமத்தின் ஏற்பைப் பார்க்கவேண்டும். அந்த ஏற்பைக் காட்டும் பக்கத்தை ஒரு படியெடுத்துச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்வது நல்லது. எவரேனும் பட்டத்தின் செல்லுபடியைக் கேட்டால், நம் கையில் அத்தாள் இருக்கும்.

தமிழ்நாட்டில் இன்னொரு நிபந்தனையையும் அறிந்திருக்கவேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல், வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் நேரடியாகப் பட்டம் பெறும் வழி ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 18.08.2009 தேதியிட்ட அரசாணை (நிலை) எண் 107, அவ்வாறு பெற்ற பட்டங்களை மாநில அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று வரையறுத்தது. பத்து, பன்னிரண்டு, பின்னர் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களுக்கு, பட்டம் தொலைதூர முறையில் வந்தது என்பதால் எந்தத் தடையும் இல்லை. தடை படிப்பின் வரிசையைப் பற்றியது. இந்த வேறுபாடு தெரியாமல், முறையாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அஞ்சல்வழியில் பி.ஏ. படித்த பலர், “கரஸ் படிப்பு தேர்வாணையத்தில் செல்லாது” என்று யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளின் பட்டத்தைத் தொலைதூர முறையில் பெற முடியாது என்பதும் நினைவிலிருக்கவேண்டும். அத்தகைய பட்டம் தருவதாக எவரேனும் விளம்பரம் செய்தால், அதற்கு 22ஆம் விதியின் பாதுகாப்பு கிடையாது.

மாலைக் கல்லூரி தொலைதூரக் கல்வி அன்று

மாலைநேரக் கல்லூரியில் படித்தவர்களும் தம்மை அஞ்சல்வழியினரோடு சேர்த்தே எண்ணிக்கொள்கிறார்கள். இது தேவையற்ற குழப்பம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி, காலையில் ஒரு ஷிப்டும் பிற்பகலிலோ மாலையிலோ மற்றொரு ஷிப்டும் நடத்தினால், இரண்டுமே வகுப்பறைக் கல்விதான். வருகைப்பதிவு, பாடத்திட்டம், தேர்வு ஆகியவை பல்கலைக்கழகத்தின் அதே விதிகளுக்கு உட்பட்டவை. படிவத்தில் படிப்பின் முறையைக் கேட்டால் ‘வழக்கமான முறை’ என்று குறிப்பதே சரி. அங்கே ‘தொலைதூரம்’ என்றோ ‘பகுதிநேரம்’ என்றோ குறித்தால், தாழ்மையினால் செய்த அந்தக் குறிப்பே பொய்த் தகவல் ஆகிவிடும்.

அப்படியானால் தன்விவரக் குறிப்பில் ‘மாலை வகுப்பு’ என்று எழுதத் தேவையா? கட்டாயம் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் பகல்நேர வேலையும் பார்த்திருந்தால், எழுதுவது பயன் தரும். இரண்டின் தேதிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது, படிப்பவர் ‘இதில் ஏதோ ஒன்று பொய்’ என்று ஐயுறக்கூடும். ‘மாலை வகுப்பு’ என்னும் இரண்டு சொற்கள் அந்த ஐயத்தை எழாமலே தடுத்துவிடும்.

ஒருவரின் குறிப்பைத் திருத்திப் பார்ப்போம்

நாம் பலரிடம் கண்ட நிலைமைகளைச் சேர்த்து, ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர். வீட்டில் முதல் பட்டதாரி. 2011இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். 2012இல் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் சரக்குக் கணக்கராகச் சேர்ந்தார். அதே ஆண்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைதூரக் கல்வி வழியாக பி.ஏ. வரலாறு சேர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 15 தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 40 என்று கொள்வோம். ஆங்கிலத் தாள் ஒன்றும் வரலாற்றுத் தாள் ஒன்றும் அரியர் ஆயின. வரலாற்றுத் தாளை இரண்டாம் முறையில் எழுதி முடித்தார். ஆங்கிலத் தாள் 2017 டிசம்பர்த் தேர்வில்தான் கைவந்தது. மொத்தம் 1,500க்கு 645. அதாவது 43 விழுக்காடு, மூன்றாம் வகுப்பு. 2018 முதல் சட்ட உதவி செய்யும் சிறு அமைப்பு ஒன்றில் களப்பணி செய்கிறார். இப்போது ஒரு மனித உரிமை அமைப்பின் பணிக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய குறிப்பில் கல்வி வரி இவ்வாறு இருந்தது:

> பி.ஏ. வரலாறு (தொலைதூரக் கல்வி மட்டுமே). குடும்ப வறுமை காரணமாக வேலைக்குச் சென்றதால் படிப்பைத் தாமதமாக முடிக்க நேர்ந்தது. சில அரியர்கள் இருந்தன, இப்போது முடித்துவிட்டேன். 43%.

இந்த வரிகளில் பொய் ஏதுமில்லை. ஆனால் தேவையான தகவலும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று இல்லை; சேர்ந்த ஆண்டும் இல்லை, தேர்ச்சி பெற்ற மாதமும் இல்லை. பட்டம் வழங்கப்பட்டுவிட்டதா என்பதும் தெரியவில்லை. படிப்பவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு மன்னிப்பு மட்டுமே. அதைத் திருத்தினால் இவ்வாறு அமையும்:

> பி.ஏ. வரலாறு, மூன்றாம் வகுப்பு. (பல்கலைக்கழகத்தின் பெயர்), தொலைதூரக் கல்வி நிறுவனம். சேர்க்கை 2012, தேர்ச்சி டிசம்பர் 2017.

அதற்கு நேர் கீழேயோ மேலேயோ பணி வரி வரவேண்டும்:

> சரக்குக் கணக்கர், தோல் பதனிடும் ஆலை, ராணிப்பேட்டை. முழுநேரப் பணி, 2012 முதல் 2018 வரை.

இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு, ஐந்தரை ஆண்டு ஏன் ஆயிற்று என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. தேதிகளே விளக்கிவிடுகின்றன. வறுமை என்ற சொல் எங்கும் இல்லை. உழைப்பு தேதியிட்டுப் பதிவாகியிருக்கிறது. ‘மட்டுமே’ என்ற சொல் போய்விட்டது. அரியர் பற்றிய பேச்சும் இல்லை. அதை விட்டது மறைப்பு ஆகுமா என்ற கேள்வி எழலாம். ஆகாது, காரணத்தை அடுத்துப் பார்ப்போம்.

விழுக்காட்டையும் இங்கே எழுதவில்லை. பல்கலைக்கழகம் வழங்கிய வகுப்பை எழுதியிருக்கிறோம். தன்விவரக் குறிப்பு என்பது நாமே தேர்ந்து எழுதும் ஆவணம். அதில் விழுக்காடு கேட்கப்படாதபோது, வகுப்பு போதுமானது. கேட்கப்பட்டால் 43 என்று எழுதவேண்டும். 45 என்று எழுதக்கூடாது. வகுப்பையும் விட்டுவிட விரும்பினால் விடலாம். ஆனால் பிற படிப்புகளுக்கு வகுப்பை எழுதிவிட்டு இதற்கு மட்டும் விட்டால், அந்த வெற்றிடமே கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் எழுதுவது, அல்லது எதற்கும் எழுதாமல் விடுவது என்ற ஒரே ஒழுங்கைப் பின்பற்றவேண்டும்.

அரியர்: இருந்ததும் இருப்பதும்

விண்ணப்பப் படிவங்களில் அரியர் பற்றி இரண்டு வகையான கேள்விகள் வருகின்றன. ஒன்று, இப்போது நிலுவையில் அரியர் உள்ளதா என்பது. மற்றொன்று, படிப்புக் காலத்தில் எப்போதேனும் அரியர் இருந்ததா என்பது. தனியார் நிறுவனங்கள் சில, வளாகத் தேர்வுகளில் இரண்டாவதையும் கேட்கின்றன. பெரும்பாலான இடங்களில் கேட்கப்படுவது முதலாவதுதான்.

மேலே சொன்னவர் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதவேண்டும். அதில் தயக்கமே வேண்டாம். எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றவருக்கு நிலுவை ஏதுமில்லை. நேர்மை மிகுதியால் “இரண்டு அரியர் இருந்தது” என்று அந்தக் கட்டத்தில் எழுதுபவர்கள் உண்டு. படிவத்தைச் சலிப்பவர் அதை நிலுவை என்றே படித்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிடக்கூடும். இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டால், ‘ஆம், இரண்டு தாள்கள், இரண்டிலும் தேர்ச்சி, கடைசித் தாள் டிசம்பர் 2017’ என்று எழுதவேண்டும். அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

எந்தக் கேள்வியும் இல்லாத தன்விவரக் குறிப்பில் முடிந்துபோன அரியரை எழுதத் தேவையில்லை என்பதற்குக் காரணம் இதுதான்: அது ஏற்கெனவே மதிப்பெண் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே, தேர்ச்சி பெற்ற மாதத்தையும் ஆண்டையும் அச்சிடுகின்றன. சரிபார்ப்பவர் அதைப் பார்த்த கணத்தில் அறிந்துகொள்வார். நாம் எதையும் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது. பட்டச் சான்றிதழ் என்பது எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றார் என்பதற்கான பல்கலைக்கழகத்தின் முடிவான சொல். அந்தச் சொல்லுக்குக் கீழே நாம் அடிக்குறிப்பு எழுதவேண்டியதில்லை.

நிலுவை இன்னும் இருப்பவர்களின் நிலை வேறு. ஒரே ஒரு தாள் பாக்கி என்றாலும் ‘பி.ஏ. முடித்தவர்’ என்று எழுதக்கூடாது. ‘பி.ஏ. வரலாறு, 15 தாள்களில் 14 தேர்ச்சி. எஞ்சிய தாள் வரும் தேர்வில்’ என்று எழுதலாம். இது உண்மை, பல களப்பணிகளுக்கு இதுவே போதுமானதும்கூட. தேர்ச்சி பெறும் முன்பே பட்டதாரி என்று எழுதி வேலையில் சேர்ந்தவர்கள், ஓராண்டு கழித்துச் சான்றிதழ் கேட்கப்படும்போது வேலையை இழப்பது நடக்கிறது. அப்போது பேச்சு அரியரைப் பற்றியதாக இராது. பொய்த் தகவலைப் பற்றியதாக மாறிவிடும்.

அரசுத் தேர்வுகளில் தேதிக்கு இன்னும் கூடுதல் எடை உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், அறிவிக்கை வெளியான நாளன்று கல்வித்தகுதி இருக்கவேண்டும் என்கிறது. நம் எடுத்துக்காட்டில் கடைசித் தேர்வு 2017 டிசம்பர். அதன் முடிவு 2018 மார்ச்சில் வந்திருந்தால், 2018 ஜனவரியில் வெளியான அறிவிக்கைக்கு அவர் தகுதியானவர் ஆகமாட்டார். அரியர் எழுதி முடித்தவர்களுக்கே இந்தச் சிக்கல் மிகுதியாக வருகிறது. எனவே தேர்வு நடந்த மாதம், முடிவு வெளியான நாள், தற்காலிகச் சான்றிதழின் நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கவேண்டும். படிவம் எதைக் கேட்கிறதோ அதையே எழுதவேண்டும்.

தொலைதூரக் கல்வியில் நீண்ட காலம் ஆவதெல்லாம் அரியரால் அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு இளநிலைப் படிப்பை முடிக்க, விதிப்படியே ஆறு ஆண்டுகள் வரை கால அளவு தரப்பட்டுள்ளது. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. இம்முறை எந்தத் தாள்களை எழுதுவது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். ஐந்தாம் ஆண்டில் முடித்தவர் ஒரு தாளிலும் தோற்றிருக்கத் தேவையில்லை. வேலை செய்பவர்களுக்காகவே வகுக்கப்பட்ட கால அளவைப் பயன்படுத்தியவர், அதைத் தாமதம் என்று தாமே பெயரிட்டுக்கொள்ளக்கூடாது.

43 விழுக்காடு எந்தக் கதவைத் திறக்கும்?

குறைந்த மதிப்பெண் பற்றிய வெட்கத்தின் பெரிய இழப்பு, நேர்காணலில் நிகழ்வதில்லை. விண்ணப்பிக்காமலே போவதில் நிகழ்கிறது. நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் ஆறு ஆண்டுகளாகச் சட்ட உதவிப் பணியில் இருக்கிறார் எனில், அவருக்கு இயல்பான அடுத்த படி மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. ஆனால் “பட்டப்படிப்பில் 45 வேண்டுமாம், எனக்கு 43” என்று அவர் ஒதுங்கியிருப்பார்.

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகளைப் பார்ப்போம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு, பட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு. பட்டத்தைத் தொலைதூர முறையிலோ அஞ்சல்வழியிலோ படித்தவர்களும் தகுதியுடையவர்கள் என்று அதே விதிகள் கூறுகின்றன. அடிப்படைத் தகுதி ஏதுமின்றித் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களை மட்டுமே அவை விலக்குகின்றன. ஆக, 43 விழுக்காடு பெற்ற நம்மவர் தகுதியானவர். சேர்க்கைத் தரவரிசையில் இடம் கிடைப்பது போட்டியைப் பொறுத்தது. ஆனால் விண்ணப்பிக்கும் உரிமை அவருக்கு உறுதியாக உண்டு.

இதில் ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சிக்கு 40 வேண்டும் என்ற பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எவரும், மொத்தத்தில் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க முடியாது. அங்கே படித்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் ஒவ்வொருவரும், மூன்றாம் வகுப்பின் கடைசிப் படியில் இருப்பவரும்கூட, இந்த மதிப்பெண் வரம்பைத் தாண்டியவரே. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகள் பலவற்றில் தேர்ச்சி 35 விழுக்காடு. எனவே அங்கே படித்தவர்கள் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளவேண்டும். எந்தத் தாள்களைச் சேர்த்து விழுக்காடு கணக்கிடவேண்டும் என்பது சேர்க்கைக் கையேட்டில் இருக்கும், அதன்படியே கணக்கிடவேண்டும்.

இந்தச் சலுகை தானாக வந்து சேராது. படிவத்தில் வகுப்புப்பிரிவைச் சரியாகக் குறித்து, சாதிச் சான்றிதழை இணைக்கவேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதால், இந்த 40 விழுக்காட்டு வரம்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. இது அநீதி என்பது நமது நிலைப்பாடு. ஆனால் படிவம் நிரப்பும்போது இன்றைய விதியை அறிந்தே நிரப்பவேண்டும்.

முழுமையாக்கல் செய்வதும் ஆபத்து. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்கு, முதுநிலைப் பட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 55 விழுக்காடும் பட்டியல் சாதியினருக்கு 50 விழுக்காடும் வேண்டும். முழுமையாக்காமல் இந்த அளவு இருக்கவேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. 49.6 என்பது அங்கே 50 ஆகாது. அதே நேரம், நெட் தேர்வு கேட்பது முதுநிலை மதிப்பெண்ணை மட்டுமே. பி.ஏ.யில் 43 பெற்றவர், எம்.ஏ.யில் 50 பெற்றால் அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்கிறது.

திறக்காத கதவுகளும் உண்டு. தனியார் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை 60 விழுக்காடு, முழுநேரப் படிப்பு மட்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. அந்நிபந்தனையின் நியாயத்தைப் பொதுவெளியில் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் முறையை மாற்றி எழுதி அதற்குள் நுழைவது நமக்கே கேடு. நியமனத்துக்குப் பின் பதிவெண்ணைக் கொண்டு பல்கலைக்கழகத்திடம் நேரடியாகவே சரிபார்க்கிறார்கள். அந்த விடையில் படிப்பின் முறையும் ஆண்டும் வந்துவிடும்.

நேர்காணலில் கேட்டால்

“ஏன் இத்தனை ஆண்டு ஆயிற்று?” என்பது வரக்கூடிய கேள்வி. அதற்கு ஒரு வாக்கியம் போதும்: “2012 முதல் ஆலையில் முழுநேர வேலை, அந்த வேலையோடு 2017இல் பட்டத்தை முடித்தேன்.” குடும்பத்தின் கடன், தந்தையின் நோய், ஊரின் நிலை ஆகியவற்றை அடுக்கவேண்டியதில்லை. அவை உண்மையாகவே இருந்தாலும், அந்த மேசையில் அமர்ந்திருப்பவருக்கு நாம் கடன்பட்டது பட்டத்தைப் பற்றிய தகவல் மட்டுமே.

“மூன்றாம் வகுப்பா?” என்று கேட்டால், “ஆம், 43 விழுக்காடு” என்று சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். அங்கே நிறுத்துவதுதான் கடினம். மௌனம் நம்மை மேலும் பேசவைக்கும். அந்த மேலதிகப் பேச்சில்தான் ‘தான்’களும் ‘மட்டுமே’களும் வந்து விழுகின்றன. கேட்பவர் தொடர விரும்பினால், பேச்சைப் பணியின் பக்கம் கொண்டுசெல்லலாம்: எத்தனை வன்கொடுமை வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை பதியவைக்க உதவினார், எத்தனை மனுக்களை எழுதினார் என்று.

நம் மாணவர்களுக்கு இந்த நிறுத்தம் ஏன் இன்னும் தேவையானது என்பதை வெளிப்படையாகவே சொல்லலாம். பட்டியல் சாதியினரின் பட்டம் சலுகையால் வந்தது என்ற எண்ணம், கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடும். நாம் கேளாமலே மன்னிப்புக் கோரும்போது, அந்த எண்ணத்துக்கு நம் கையாலேயே சான்றொப்பம் இடுகிறோம். அதே 43 விழுக்காட்டை, அதே அஞ்சல்வழிப் பட்டத்தை வேறொருவர் தயக்கமின்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரி நமக்கும் போதும்.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நமது கல்வி வரியை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம், முறை, சேர்ந்த ஆண்டு, தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும், வகுப்பு ஆகியவை அச்சில் உள்ளபடியே இருக்கவேண்டும். அச்சில் இல்லாத சொல் ஏதேனும் அந்த வரியில் இருந்தால், அது பெருமைக்காகச் சேர்த்ததாயினும் வெட்கத்தால் சேர்த்ததாயினும், அதை அடித்துவிடலாம்.